இரவுச் சாப்பாடும் அவருடைய போனும்: குத்திக்காட்டாமல் எழுதுவது எப்படி?

"உப்புவெளியில இருக்கிறம். ஒரு மகள். மனுசன் கடற்கரைப் பக்கம் நாலு அறையோட ஒரு தங்குமனை நடத்துறார். அவரின்ர அண்ணன், தங்கச்சி எல்லாரும் வெளிநாட்டில. இரவு ஒன்றாச் சாப்பிட இருந்தாலும் அவரின்ர கண் போனிலதான். போன திங்கள் மகள் தமிழ்த்தினப் போட்டியில பேச்சுக்குத் தன்னை எடுத்திருக்கு எண்டு சொன்னாள், இவர் 'ம்ம்' எண்டார். பிறகு படுக்கப் போகேக்க 'பிள்ளை என்ன சொன்னவள்?' எண்டு என்னட்டக் கேட்டார். நேரில கதைச்சால் சண்டையாகுது. வாட்ஸ்அப்பில இப்பிடி எழுதி வைச்சிருக்கிறன், இன்னும் அனுப்பேல்லை: 'நீங்க எப்பவும் போனிலதான். சாப்பிடேக்ககூட எங்களைப் பார்க்க நேரமில்லை. பிள்ளையும் உங்களைப் பார்த்துத்தான் பழகுது. அக்காவின்ர மனுசன் எவ்வளவு வேலையிருந்தாலும் இப்பிடி இல்லை. போனுக்கும் ஒரு தட்டு வைக்கட்டோ?' அவரைக் குறுக வைக்காமல் இதை எப்பிடி மாத்துறது?"

அனுப்பாமல் வைத்திருந்தது நல்லது. இந்த ஐந்து வரிகளில் அவரிடம் போய்ச் சேரவேண்டியது பாதி வரிதான்: "எங்களைப் பார்க்க". மற்றதெல்லாம் அந்தப் பாதி வரியை அவர் கண்ணில் படாமல் மறைத்துவிடும். திருமலையில் உளவளத்துணை வேலையில் இப்படியான மெசேஜ்களைப் போனை நீட்டிக் காட்டுகிறவர்கள் பலர். பெரும்பாலும் அனுப்பிய பிறகுதான் காட்டுவார்கள்.

முதல் வரியிலேயே சிக்கல் இருக்கிறது. "எப்பவும்" என்று எழுதினால், வாசிக்கிறவரின் மனம் உடனே விதிவிலக்கைத் தேடும். "போன வெள்ளி கோயிலுக்குப் போய்வந்து சாப்பிடேக்க போனைத் தொட்டனானா?" என்று அவர் கேட்பார். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கும். பிறகு நீங்கள் இருவரும் எத்தனை நாள் என்ற கணக்கில் நிற்பீர்கள், மகளின் பேச்சுப் போட்டி காணாமல் போய்விடும். தம்பதிகளின் வாக்குவாதங்களைப் பல்லாண்டு பதிவுசெய்து ஆராய்ந்த ஜோன் கொட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் முறைப்பாடு வேறு, ஆளைக் குறைசொல்வது வேறு என்று பிரிக்கிறார். ஒரு நாள் நடந்ததைச் சொல்வது முறைப்பாடு. ஆள் எப்படிப்பட்டவர் என்று தீர்ப்புச் சொல்வது குறை. முறைப்பாட்டுக்குப் பதில் சொல்லலாம், தீர்ப்புக்கு எதிர்த்தீர்ப்புத்தான் வரும். உங்களிடம் முறைப்பாட்டுக்கு வேண்டிய பொருள் கையிலேயே இருக்கிறது. திங்கட்கிழமை இரவு நடந்தது ஒன்றே போதும், இன்னொன்றைத் தேட வேண்டாம்.

மகளை இழுத்த வரியையும் சகலனை இழுத்த வரியையும் சேர்த்தே பார்ப்போம், இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. "நான் செய்தது சரியில்லை" என்று ஒருவருக்குத் தோன்றினால் அதைச் சரிசெய்யப் பார்ப்பார். "நானே சரியில்லாத ஆள்" என்று தோன்றினால் ஒளிப்பார், அல்லது கோபப்படுவார். ஜூன் டாங்னி என்ற உளவியலாளரின் ஆய்வுகள் குற்ற உணர்வுக்கும் வெட்கத்துக்கும் நடுவில் காட்டும் வேறுபாடு இதுதான். "பிள்ளை உங்களைப் பார்த்துத்தான் பழகுது" என்பது அவர் செய்ததைத் தாண்டி, அவர் எப்படிப்பட்ட தகப்பன் என்பதைத் தொடுகிறது. சகலனோடு ஒப்பிடுவது அதைவிட மோசம். அடுத்த முறை உங்கள் அக்கா வீட்டுக்குப் போகும்போது இவர் அந்த மெசேஜையும் சேர்த்துக் கொண்டுபோவார். போனில் இருக்கிறதுக்கு இன்னொரு காரணமும் கிடைக்கும்.

தட்டுப் பகிடியைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும். அதுதான் மிருதுவான வரி என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள், அதனால்தான் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். நேரில், சிரித்த முகத்தோடு, நல்ல நாளில் சொன்னால் அது பகிடிதான். நாலு குறைகளுக்குப் பிறகு எழுத்தில் வந்தால் அது நக்கல். முகமும் குரலும் இல்லாத இடத்தில் வாசிப்பவர் தன் அப்போதைய மனநிலையில்தான் அதை வாசிப்பார். கொட்மன் உறவைக் கெடுக்கும் பேச்சுவகைகள் நாலு என்று சொல்லி, அவற்றில் கூடுதலாக அரிப்பது ஏளனம்தான் என்கிறார். பகிடியை முழுதாக எடுத்துவிடுங்கள்.

இனி, எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை. அவர் எப்படிப் போனை எடுக்கிறார் என்று இரண்டு மூன்று இரவு சும்மா கவனியுங்கள். போனைத் திறந்து பார்க்கச் சொல்லவில்லை, அதைச் செய்யவே வேண்டாம். போன் சத்தம் போட்ட பிறகு கை போகிறதா, சத்தமே இல்லாமல் கை போகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

சத்தம் போட்டுத்தான் எடுக்கிறார் என்றால், அந்த நேரத்தில் சத்தம் போடக் காரணங்கள் நிறைய இருக்கின்றன. எங்கள் கரையில் ஏப்ரல் முடிந்து செப்டம்பர் வரைதான் சீசன். நாலு அறைத் தங்குமனைக்கு வருசத்து வருமானத்தில் பெரிய பங்கு அந்த மாதங்களில்தான் வரும். நாளைக்குப் புறாத்தீவுக்குப் படகு இருக்கா, அறைக்கு ஏசி இருக்கா என்று கேட்கிறவர்களும் பகல் முழுக்கக் கடலில் நின்றுவிட்டு இரவில்தான் கேட்பார்கள். பதில் பிந்தினால் பக்கத்துத் தங்குமனைக்குக் கேள்வி போகும். இன்னொன்று, இங்கே இரவு எட்டரை என்றால் இந்த மாதங்களில் லண்டனில் பின்னேரம் நாலு மணி, டொரொன்டோவில் காலை பதினொன்று, கட்டாரில் வேலை முடிகிற ஆறு மணி. குடும்பக் குரூப் உயிர் பெறுகிற நேரமும் நீங்கள் சோறோ இடியப்பமோ போடுகிற நேரமும் ஒன்றாக விழுகின்றன. இதில் அவருடைய அலட்சியம் என்று சொல்ல அதிகம் இல்லை.

சத்தமில்லாமலே கை போகிறது என்றால் விசயம் வேறு. எப்போது நல்ல செய்தி வரும் என்று தெரியாத இடத்தைத்தான் மனம் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் பலன் கிடைத்தால் பழக்கம் இவ்வளவு இறுகாது; எப்போதாவது கிடைத்தால்தான் இறுகும். பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களிலும் எலிகளிலும் கண்டது இது. பத்து முறை திறந்ததில் ஒரு முறை புக்கிங் வந்திருந்தால் பதினோராவது முறை கை தானாகப் போகும். அவரைக் கேட்டால் எடுத்ததே தெரியாது என்பார், அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

இதைப் பிரித்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், நீங்கள் கேட்கப்போவது இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. முதல் வகைக்குப் போனில் செய்கிற மாற்றம் உதவும். இரண்டாம் வகைக்குப் போன் கைக்கு எட்டாத இடத்தில் இருப்பதுதான் உதவும், "பார்க்காதீங்க" என்ற சொல் உதவாது. மேசையில் கவிழ்த்து வைப்பதும் போதாது. கனடாவில் 2018 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உணவகத்தில் நண்பர்களோடும் குடும்பத்தோடும் சாப்பிட வந்த முந்நூறுக்கு மேற்பட்டவர்களில் சிலரைப் போனை மேசையில் வைத்திருக்கச் சொன்னார்கள், மற்றவர்களை எடுத்து வைக்கச் சொன்னார்கள். போன் மேசையில் இருந்தவர்கள் அந்தச் சாப்பாட்டை அவ்வளவாக ரசிக்கவில்லை. ஆனால் வித்தியாசம் சின்னதுதான். நீங்களும் அந்த அளவோடு எழுதுங்கள். "குடும்பமே உடையுது" என்று எழுத இதில் இடமில்லை, "கொஞ்சம் குறையுது" என்று எழுத இருக்கிறது.

உங்கள் வீட்டுக்கு நான் எழுதிப் பார்த்தது இது. சொற்களை உங்கள் வாய்க்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

"இஞ்சாருங்க, ஒரு விசயம். ஆறுதலா இருக்கேக்க வாசிங்க, உடன பதில் வேண்டாம். திங்கள் இரவு பிள்ளை பேச்சுப் போட்டிக்கு எடுத்ததைச் சொல்லேக்க நீங்க போனில ஆருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தீங்க. எனக்கு ஒரு மாதிரிப் போயிட்டுது. நீங்களும் கேட்டுச் சந்தோசப்பட்டிருக்கலாம் எண்டு நினைச்சன். சீசனில மெசேஜ் வந்துகொண்டுதான் இருக்கும், அதிலதான் வீடு ஓடுது, எனக்குத் தெரியும். இரவு சாப்பிடுற அந்த இருபது நிமிசம் மட்டும் எங்கட ரெண்டு பேரின்ர போனையும் ஹோலில வைச்சுப் பார்ப்பமா? ரிங் பண்ணினா எழும்பிப் போய் எடுங்க. உங்களுக்கு எப்பிடிச் செய்தாச் சரிவரும் எண்டு சொல்லுங்க."

முதல் வரி வேண்டுமென்றே சாதாரணமாக இருக்கிறது. அவர் போன் தங்குமனைக் கவுண்டரில் கிடக்கும், பூட்டின திரையில் முதல் ஒன்றிரண்டு வரி தெரியும், வேலைப் பொடியனும் பக்கத்தில் நிற்பான். குறை முதல் வரியில் இருந்தால் அது ஊருக்கு முன் சொன்ன மாதிரி. புதுமணத் தம்பதிகளின் வாக்குவாதங்களைப் பார்த்துக் கொட்மனும் சிபில் கரேரும் 1999 இல் எழுதிய ஆய்வு, பேச்சின் முதல் மூன்று நிமிடமே பின்னாளில் யார் பிரிவார்கள் என்பதைப் பற்றி நிறையச் சொல்லிவிடுகிறது என்கிறது. அது நேர்ப்பேச்சைப் பற்றியது. மெசேஜில் அந்த மூன்று நிமிடம் ஒரு வரிக்குள் முடிந்துவிடும்.

"எனக்கு ஒரு மாதிரிப் போயிட்டுது" என்பதோடு நிறுத்தியிருக்கிறேன். "நான்" என்று தொடங்கு, "நீ" என்று தொடங்காதே என்ற அறிவுரை தோமஸ் கோர்டன் காலத்திலிருந்து சொல்லப்படுவது. நல்ல அறிவுரைதான். ஆனால் "நீங்க என்னை மதிக்கேல்லை எண்டு நான் உணர்றன்" என்று எழுதினால் "நான்" வந்திருக்கிறதே தவிர, உள்ளே இருப்பது பழைய குற்றச்சாட்டுத்தான். அவர் செய்ததற்கு நீங்களே ஒரு நோக்கம் கற்பித்துவிட்டீர்கள். உங்களுக்குள் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லுங்கள், அவருக்குள் என்ன நடந்தது என்று அவர் சொல்லட்டும்.

இருபது நிமிசம் என்று எல்லை போட்டதும், ரிங் பண்ணினால் எடுக்கலாம் என்று கதவு விட்டதும் விட்டுக்கொடுப்பு மாதிரித் தெரியும். ஆனால் எல்லையில்லாத வேண்டுகோளுக்கு ஓம் என்று சொல்ல அவரால் முடியாது, சொன்னாலும் காப்பாற்ற முடியாது. "ரெண்டு பேரின்ர போனும்" என்பது இதில் விடவே கூடாத துண்டு. உங்கள் போன் மடியில் இருக்க அவருடையது ஹோலில் கிடந்தால் அது தண்டனை.

எப்போது அனுப்புவது? சாப்பாட்டு மேசையில் இருந்து அனுப்பவே வேண்டாம், அது அவர் கையில் இருக்கும் போனிலேயே அவரைப் பிடிப்பது. சண்டை பிடித்த அன்றும் வேண்டாம். விருந்தினர் அறை விட்டுப் போகிற காலையும் புதியவர்கள் வந்து இறங்குகிற நேரமும் அவருக்கு மூச்சு விட இருக்காது. வெள்ளி, சனியும் போயா லீவு ஒட்டி வரும் நாட்களும் கொழும்பு வாகனங்களால் நிரம்பிவிடும். ஒரு செவ்வாயோ புதனோ, மதியம் திரும்பின பிறகு அனுப்புங்கள். வொய்ஸ் மெசேஜ் வேண்டாம், கவுண்டரில் வைத்து எல்லாருக்கும் கேட்கத் தட்டிவிடுவார். அனுப்பிய பிறகு நீல டிக் விழுந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பதில் வேண்டாம் என்று எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் இரவு உங்கள் முகம் அதைச் சொல்லிவிடும்.

பதில் எப்படியும் வரலாம். வெறும் பெருவிரல் மட்டும் வந்தால் கோபம் வரும், இரண்டாவது மெசேஜ் எழுதக் கை வரும். எழுத வேண்டாம். அன்று இரவு சாப்பாடு போடுவதற்கு முன் உங்கள் போனை முதலில் கொண்டுபோய் ஹோலில் வையுங்கள், அவரைப் பார்த்துக்கொண்டு வைக்காதீர்கள்.

"நீரும்தானே பார்க்கிறனீர்" என்று வந்தால் அதில் உண்மை எவ்வளவோ அவ்வளவை ஒத்துக்கொள்ளுங்கள். "ஓம், நானும்தான். அதாலதான் ரெண்டு பேரின்ர போனும் எண்டனான்" என்று ஒரு வரி போதும். அதற்கு மேல் யார் கூட என்று போனால் பழைய கணக்குக்கே திரும்புவீர்கள்.

"வேலையை ஆர் பார்க்கிறது?" என்று வந்தால் அது மறுப்பு என்று எடுக்க வேண்டாம், பெரும்பாலும் அது உண்மையான கேள்வி. அதற்கு வழி இருக்கிறது, அவரோடு சேர்ந்து இருந்து பாருங்கள். போனில் Do Not Disturb என்பதைப் போட்டு, வேலைப் பொடியனுடைய இலக்கத்தையும் அவருடைய அம்மாவின் இலக்கத்தையும் மட்டும் அனுமதிக்கலாம். தெரியாத ஒருவர் அவசரமாக இரண்டாம் முறை எடுத்தால் ரிங் பண்ணவும் விடலாம். ஆன்ட்ராய்டில் பதினைந்து நிமிடத்துக்குள்ளும் ஐபோனில் மூன்று நிமிடத்துக்குள்ளும் அதே இலக்கம் திரும்ப எடுத்தால் அந்த அழைப்பு வரும். தங்குமனைக்கு WhatsApp Business வைத்திருந்தால் அதில் Away message என்று ஒன்று இருக்கிறது. "ஒன்பது மணிக்குப் பிறகு பதில் தருகிறோம்" என்று தானாகப் போகும், கேட்டவரும் வேறு இடம் தேடி ஓடமாட்டார். குடும்பக் குரூப்பை Always என்று மியூட் பண்ணினால் அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் தெரியவே வராது. சாப்பிட்ட பிறகு அவர் ஆறுதலாக இருந்து கதைக்கட்டும், அதைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

பதிலே வராவிட்டால் ஒரு மூன்று நாள் விடுங்கள். பிறகு நேரில், ஒரே ஒரு முறை, "நான் எழுதினதைப் பார்த்தனீங்களா?" என்று கேளுங்கள். மாமியையோ அக்காவையோ நடுவர் ஆக்க வேண்டாம். எழுத்தால் கதவைத்தான் திறக்கலாம், மிச்சம் வாயால் கதைக்க வேண்டியதுதான்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது, கோபிக்காதீர்கள். நீங்கள் சாப்பிட இருக்கிறீர்களா, பரிமாறிக்கொண்டு நிற்கிறீர்களா? எங்கள் வீடுகளில் "ஒன்றாகச் சாப்பிடுறம்" என்று சொல்வார்கள், பார்த்தால் அவர் கோப்பையோடு இருப்பார், பிள்ளை பாதி சாப்பிட்டுவிட்டு எழும்பும், மனுசி குசினிக்கும் மேசைக்கும் நடப்பார். பக்கத்தில் ஆள் இல்லாதவர் போனைத்தான் எடுப்பார். புட்டோ இடியப்பமோ, சொதி, சம்பல், மீன் எல்லாவற்றையும் நடுவில் வைத்துவிட்டு நீங்களும் இருங்கள். டிவியில் நாடகம் ஓடுகிற வீடாக இருந்தால் அதையும் நிறுத்துங்கள். டிவி ஓட, போனை மட்டும் எடுத்து வைக்கச் சொல்வது அவருக்கு நியாயமாகப் படாது, எனக்கும் படவில்லை.

முதல் சில இரவுகள் அமைதியாகத்தான் போகும். அவருக்குக் கை எங்கே வைப்பது என்று தெரியாது, பத்து நிமிடத்தில் சாப்பிட்டு எழும்பிவிடுவார். அதை வைத்துச் சரிவரவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். அவர் போனுக்கு எழும்பிப் போனாரா என்பதை விட, போய்வந்து இருந்து "பிள்ளை, எதில விட்டனீ?" என்று கேட்டாரா என்று பாருங்கள். அப்படிக் கேட்டால் வேலை நடக்கிறது. உடல் மேசையில் இருந்து கண் ஹோல் பக்கமே இருந்தால், இருபதைப் பத்து நிமிடமாகக் குறைப்பது நல்லது. முறியும் இருபதை விட நிற்கும் பத்து மேல்.

சொற்களால் தீராத நிலையும் உண்டு. ஆள் வந்தால் திரையைத் திருப்பிக்கொள்கிறார், நித்திரை குறைந்திருக்கிறது, காசு பற்றிக் கேட்டால் முகம் மாறுகிறது என்றால், போன் ஒரு கவலைக்கு மறைப்பாக இருக்கலாம். தங்குமனை திருத்த எடுத்த கடனாகக்கூட இருக்கலாம். அப்போது சாப்பாட்டு மேசையை விட்டுவிட்டு அதைத்தான் கேட்க வேண்டும். இந்த மெசேஜை அனுப்பினால் அவர் என்ன செய்வாரோ என்று பயம் வருகிறதென்றால் அனுப்பவே வேண்டாம். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். பிரதேச செயலகத்திலும் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார், கட்டணமில்லை, தனியாகப் போய்க் கதைக்கலாம்.

உங்கள் கடிதத்தில் அப்படியொன்றும் தெரியவில்லை. படுக்கப் போகும்போது "பிள்ளை என்ன சொன்னவள்?" என்று கேட்டவர் கேட்காமல் விட்டதை உணர்ந்தவர். விரும்பினால் அதையும் மெசேஜில் ஒரு வரியாகச் சேருங்கள்: "பிறகு நீங்களே கேட்டீங்க, அது எனக்குப் பிடிச்சிருந்தது." திங்கள் இரவைப் பற்றிச் சொன்ன வரிக்குப் பின்னால் வையுங்கள், முன்னால் வைத்தால் குறை சொல்லப்போவதற்குச் சர்க்கரை தடவின மாதிரி இருக்கும். அக்டோபரில் மழை தொடங்கி அறைகள் காலியான பிறகு, இந்த இருபது நிமிட ஏற்பாட்டை இருவரும் இருந்து இன்னொருமுறை பேசிக்கொள்ளுங்கள். சீசனுக்குப் போட்ட கணக்கு மழைக்காலத்துக்குச் சரிவராது.